முறுக்குப் பாக்கெட்டில் ஒரு லேபிள்

பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி செக்கிங் பார்த்தவனுக்கு லேபிளைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. ‘100% காட்டன்’ என்று போட்டுவிட்டு கழுத்து ரிப்பில் லைக்ரா ஓடியிருந்தால் அந்தப் பீஸைத் தனியே ஒதுக்கி வைப்போம். ரிப் கொஞ்சம்தானே என்ற பேச்சு பையரிடம் எடுபடாது.

எங்கள் செக்கிங் டேபிளில் இருந்த ஒரு அம்மணி இப்போது முறுக்கு, தட்டுவடை போட்டு விற்கிறார். வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் வியாபாரம். போன மாதம், “ஏனுங் சார், ஐயாயிரம் கவர் பிரிண்டிங்குக்குக் குடுக்கப் போறனுங்க. ஒருக்கா பாத்துச் சொல்லுங்க” என்று வந்தார். ‘100% ஹோம்மேட், நோ பிரிசர்வேட்டிவ்ஸ், சுத்தமான அரிசி மாவு’ என்று இருந்தது. ஸ்டேட்டஸிலும் இதே வாசகம்தான்.

ஸ்டேட்டஸ்தானே, லேபிளா என்று கேட்கலாம். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்றால் என்ன என்று சொல்லும்போது இணையதளத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. (ஒளி, ஒலி, புகை என்றெல்லாம்கூட அதில் வரும். புகையில் யார் முறுக்கு விற்றார்களோ!) தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு அபராதம் பத்து லட்சம் வரை போகலாம்.

“சமைக்கிற சாமானெல்லாம் எடுத்துட்டு வா அம்மணி” என்றேன்.

முதலில் எண்ணெய். பாமாயில் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் 319’ என்று இருந்தது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. அனுமதிக்கப்பட்டதுதான், அளவோடு இருந்தால் குற்றமில்லை. சட்டக் கணக்கில் பிரிசர்வேட்டிவ் ஒரு வகை, இது வேறு வகை. ஆனால் வாங்குகிறவருக்கு இரண்டும் ‘கெடாமல் இருக்கப் போட்ட மருந்து’தான். நாம் கையால் போடவில்லை, ஆனாலும் எண்ணெயோடு கூடவே முறுக்குக்குள் வந்துவிடுகிறது. 2018ஆம் வருஷத்து விளம்பர விதிகளின் சாரமும் அதுதான்: ஒரு பொருளைச் சேர்க்கவில்லை என்று சொன்னால் அது சுற்றுவழியிலும் வந்திருக்கக் கூடாது, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைப் போட்டிருக்கவும் கூடாது. அந்த உணவில் அது இருக்கும் என்று ஜனங்கள் சாதாரணமாக எதிர்பார்க்கிற பொருளாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அம்மணிக்கு விளக்க நேரமானது. ஊறுகாய், ஜூஸ், சாஸ் போல ஈரம் உள்ளதுக்குத்தான் பிரிசர்வேட்டிவ் தேவைப்படும். முறுக்கில் ஈரம் எண்ணெய்ச் சட்டியிலேயே போய்விடுகிறது, பூஞ்சை பிடிக்க வழியில்லை. முறுக்கு கெடுவது இரண்டு விதத்தில்: காற்றுப் பட்டு நமுத்துப் போகும், இல்லை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தேவையே இல்லாததைப் போடவில்லை என்று பெருமையடித்தால், பக்கத்துக் கடைக்காரர் ஏதோ போடுகிறார் என்று ஆகிவிடும்.

அடுத்தது ‘ஹோம்மேட்’. ஆரம்பத்தில் வீட்டு அடுப்புதான். இப்போது வாடகை ஷெட், இரண்டு பெரிய அடுப்பு, கூலிக்கு மூன்று பெண்கள். தவறான எண்ணம் தரும்படி வீட்டில் செய்தது, வீட்டுச் சமையல் என்றெல்லாம் போடக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. “கைல தானுங் சார் புழியறோம்” என்றார். அப்படியானால் அதையே எழுது என்றேன்.

கடைசியாகப் பெருங்காய டப்பா. அது கூட்டுப் பெருங்காயம். சேர்மானத்தில் கருவேலம் பிசினும் கோதுமை மாவும் இருந்தன. கடையில் கிடைப்பதில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்றாலும் யார் டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? அம்மணி முகம் மாறிவிட்டது. வாரா வாரம் வாங்கும் ஒரு டீச்சர், பேரனுக்குக் கோதுமை ஒத்துக்காது என்று கேட்டிருக்கிறார். அரிசி மாவுதான், தாராளமாகக் கொடுங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். கவர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டார். பையன் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றதும்தான் உட்கார்ந்தார்.

கவரில் கடைசியில் போனது இது: ‘அரிசி முறுக்கு. கை அச்சில் பிழிந்தது. சேர்மானம்: அரிசி மாவு, பாமாயில் (ஆன்டிஆக்ஸிடன்ட் 319), பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய், உப்பு, எள், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு, பிசின்). கோதுமை, பால் உள்ளது.’ கீழே எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், முகவரி, பச்சைக் குறி, பதினாலு இலக்கப் பதிவு எண். ஸ்டேட்டஸுக்கும் இதே வாசகம், கூடவே ‘இன்று காலை சுட்டது’ என்று ஒரு வரி. அதைச் சுட்ட அன்றைக்கு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.

“319ன்னு போட்டா வாங்குவாங்களா சார்?” என்று கேட்டார். இரண்டு பேர் போனில் விசாரித்தார்களாம், ஒருவர் ஆர்டரை நிறுத்திவிட்டார். செக்கு கடலை எண்ணெய்க்கு மாறலாமா என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கிலோவுக்கு விலை ஏறும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும், அதனால் தேதியைக் குறைக்க வேண்டியிருக்கும். டீச்சருக்கு மட்டும் பெருங்காயம் போடாமல் தனி ஈடு, முதல் ஈடாகவே சுட்டுக் கொடுக்கிறார்.