இரண்டே முக்கால்

பேராக் மாநிலத்தின் கடலோரத்தில் இருக்கும் பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் தெலுங்குக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. ஈப்போவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர். அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. லயத்து வாசலிலும் பள்ளியிலும் பேசியது தமிழ். தெலுங்கு எழுத்துகளை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தந்தை.

ஓர் ஆண்டு பொங்கலை ஒட்டி, பழைய தோட்டத்துக் குடும்பங்கள் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூட ஏற்பாடாயிற்று. மாலையில் ஒரு தெலுங்குப் படம் காட்டுவதென முடிவாயிற்று. வருவோரில் பெரும்பாலோர் தமிழர். படத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் நல்லது என்றார் ஆசிரியையின் தம்பி. அவர்தாம் ஏற்பாட்டாளர். ஆந்திராவின் கோதாவரிப் பகுதியில் வாழும் உறவினர் ஒருவர், படம் வெளியான புதிதில் எழுதி அனுப்பிய ஒன்றரைப் பக்க விமர்சனம் வீட்டில் இருந்தது. அதைத் தமிழாக்கும் வேலை ஆசிரியையிடம் வந்தது.

படத்தின் பெயர் ‘சீதம்ம வாக்கிட்லோ சிரிமல்லெ செட்டு’. சீதம்மா வீட்டு வாசலில் நிற்கும் மல்லிகைச் செடி என்று பொருள் கொள்ளலாம். ஸ்ரீகாந்த் அட்டாலா இயக்கி, 2013 ஜனவரியில் வெளிவந்தது. வெங்கடேஷும் மகேஷ் பாபுவும் அண்ணன் தம்பியாக நடித்தார்கள். கிராமத்துக் குடும்பம் ஒன்றின் கதை அது.

முதல் வரைவை எழுதியவர் ஆசிரியை அல்லர். படிவம் நான்கில் படிக்கும் தம்பி மகள். அவளுக்குத் தெலுங்கு காதால் மட்டுமே தெரியும். அத்தை வாசிக்க வாசிக்க அவள் தமிழில் எழுதிக்கொண்டே போனாள். அரைப் பக்கத்திலேயே சிக்கல் தொடங்கியது. ஒரு பாடலைப் பற்றி உறவினர், “ஈ பாட்ட அவசரம் லேது” என்று எழுதியிருந்தார். அவள், ‘இந்தப் பாடலுக்கு அவசரம் இல்லை’ என்று எழுதினாள். நிதானமான, இனிமையான பாடல் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. அந்தப் பாடலே தேவையில்லை என்றுதான் உறவினர் சொல்லியிருந்தார். ஒரு குறை அவள் கையில் பாராட்டாக மாறிவிட்டது. வாக்கியத்தைப் பார்த்தால் தவறு தெரியாது. தமிழாகவும் இருக்கிறது; ஓரளவு பொருளும் தருகிறது. முன்னும் பின்னும் படித்தால்தான் பிடிபடும். அடுத்த வரியில் அவர், அந்த ஐந்து நிமிடத்தைக் கத்தரித்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். பாராட்டிய பாடலை யாராவது கத்தரிக்கச் சொல்வார்களா? ஒரே குடும்பத்து மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் அதிகம் தடுக்கி விழுவது கடினமான சொற்களில் அன்று. இப்படித் தெரிந்த முகத்தோடு வரும் சொற்களில்தான்.

“தும்மு லேப்பாரு” என்ற தொடர் வந்தபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அத்தை, படத்தில் யாருக்குத் தும்மல்?”

ஆசிரியை சிரித்துவிட்டார். ‘தும்மு’ என்றால் தெலுங்கில் தூசி. தூசியைக் கிளப்பினார்கள், அதாவது அமர்க்களப்படுத்தினார்கள் என்பது அங்குள்ள பேச்சுவழக்கு. தமிழிலும் ‘தூள் கிளப்பினார்கள்’ என்கிறோம். இரண்டு மொழியிலும் கிளம்புவது ஒன்றே. அந்த இடத்தில் வேலை எளிதாக முடிந்தது.

‘கேக்க’ என்ற சொல் அப்படி முடியவில்லை. அதன் நேர்ப்பொருள் கூச்சல். பேச்சுவழக்கில், கூச்சலிட வைக்கும் அளவுக்குப் பிரமாதம் என்று பொருள். அண்ணன் தம்பி இருவரும் பேசாமல் அருகருகே நடக்கும் காட்சிக்கு உறவினர் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார். ‘செம’ என்று எழுதலாம் என்றாள் தம்பி மகள். ஆசிரியைக்கு அது ஒப்பவில்லை. விமர்சனத்தை எழுதியவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். ‘செம’ என்றால் வாசிப்பவர் மனத்தில் வேறோர் ஆள் வந்து நிற்பார். ‘மிகச் சிறப்பு’ என்றாலோ பள்ளி அறிக்கை ஆகிவிடும். ஐம்பது வயதுக்காரர் திரையரங்கிலிருந்து வெளியே வந்து நண்பரிடம் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்து, ‘அசத்தல்’ என்று எழுதினார்.

அண்ணன் தம்பிக்குப் படத்தில் பெயரே கிடையாது. எல்லாரும் அவர்களைப் ‘பெத்தோடு’, ‘சின்னோடு’ என்றே அழைக்கிறார்கள். அதைப் ‘பெரியவன்’, ‘சின்னவன்’ என்று மாற்ற ஆசிரியை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தோட்டத்து வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளைக் குறிப்பிட்ட விதமும் அதுதான்.

உறவினர் காட்டும் ஊர்ச் செய்திகளில்தான் அவர் நெடுநேரம் நின்றார். படம் ‘சங்கராந்தி பரியில்’ இறங்கியது என்று விமர்சனம் தொடங்குகிறது. சங்கராந்தி நம் பொங்கல் நாளில் வரும் பண்டிகை. கோதாவரிப் பகுதியில் அந்நாள்களில் சேவல் சண்டை நடக்கும். சேவல்கள் மோதும் களத்துக்குப் ‘பரி’ என்று பெயர். அதே வாரம் ராம் சரண் நடித்த ‘நாயக்’ படமும் வெளியானதால், இரண்டு சேவல்கள் களத்தில் இறங்கியதுபோல் அவர் எழுதியிருந்தார். பின்பகுதியில், படத்தின் இரண்டாம் பாதி நர்சாப்பூர் பாசஞ்சர் ரயில்போல ஊர்கிறது என்கிறார். கதை நடக்கும் ஊர் ரேலங்கி. பிரகாஷ் ராஜ் ஏற்ற தந்தை வேடத்தை ‘ரேலங்கி மாவய்யா’, அதாவது ரேலங்கி மாமா என்று குறிப்பிடுகிறார். யாரைக் கண்டாலும் சிரித்த முகத்தோடு நல்ல வார்த்தை பேசும் மனிதர் அவர்.

ரேலங்கியை ஒரு ரப்பர்த் தோட்டமாகவும் மாமாவைத் தோட்டத்துக் கிராணியாகவும் மாற்றிவிட்டால் வாசிப்பவர்களுக்குச் சட்டென்று புரியுமே என்று தம்பி மகள் கேட்டாள். புரியும், ஆனால், படம் தொடங்கியதும் திரையில் வேறோர் ஊர் தெரியும். ரேலங்கி படத்தில் இருக்கும் ஊர். அதை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. நர்சாப்பூர் ரயில் அப்படியன்று. அது படத்தில் வரவில்லை. மெதுவாகப் போவதை அளந்து காட்ட விமர்சகர் எடுத்த அளவுகோல் மட்டுமே. அந்த அளவுகோல் இங்குள்ளவர் கையில் இல்லையென்றால் வேறொன்றைக் கொடுக்கலாம்.

ஆசிரியை முதலில், ‘தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ வரும் பேருந்துபோல’ என்று எழுதினார். படித்த அனைவரும் சிரித்தார்கள். மறுநாள் அதை அவரே அடித்துவிட்டார். கோதாவரிக் கரையில் உட்கார்ந்து எழுதுபவர் தெலுக் இந்தானை எப்படி அறிவார்? தாளின் அடியில் அவர் பெயர்தானே வரப்போகிறது! ‘எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும் பேருந்துபோல’ என்று பொதுவாக மாற்றினார். சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. சேவல் சண்டையை அப்படியே விட்டு, அது சங்கராந்தி நாளில் அங்கு நடப்பது என்று அரை வரி சேர்த்தார்.

கடைசியில் மதிப்பெண் வந்தது. உறவினர் 5க்கு 2.75 கொடுத்திருந்தார். தெலுங்குத் திரை விமர்சனங்களில் 5க்கு இவ்வளவு என்று போடுவதும், காலும் அரையுமாகப் பிரித்துப் போடுவதும் வழக்கம். அதனடியில், “ஒக்கசாரி சூடொச்சு” என்று முடித்திருந்தார். ஒரு தடவை பார்க்கலாம் என்பது அதன் பொருள்.

தம்பி மகள் கணக்குப் போட்டாள். 5க்கு 2.75 என்றால் 100க்கு 55. கணக்குச் சரி, பொருள்தான் சரியில்லை. தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் இதழ் படங்களுக்கு 100க்கு மதிப்பெண் போட்டுவந்தது. 1977இல் வெளியான ‘16 வயதினிலே’ படத்துக்கு அது கொடுத்த 62.5 மிக உயர்ந்த மதிப்பெண்ணாகப் பேசப்படுகிறது. அந்தக் கணக்கில் வளர்ந்த வாசகருக்கு 55 என்றால் மிக நல்ல படம். தேர்வுத்தாளையே பார்த்துப் பழகிய மாணவருக்கோ 55 என்றால் தட்டுத்தடுமாறிக் கரையேறியது. எண் ஒன்று; வாசிக்கும் கண்கள் இரண்டு.

உறவினரின் 2.75க்கு என்ன பொருள் என்பதை அவருடைய பழைய கடிதங்களிலேயே ஆசிரியை தேடினார். மூன்றுக்கு மேல் கொடுத்த படங்களை அவர் மனந்திறந்து புகழ்ந்திருந்தார். இரண்டு கொடுத்தவற்றுக்குப் போகவேண்டாம் என்று எச்சரித்திருந்தார். இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில், குறை சொல்லிக்கொண்டே குடும்பத்தோடு ரசித்த படங்கள் இருந்தன.

இந்த நேரத்தில் தம்பி குறுக்கிட்டார்.

“அக்கா, இரண்டே முக்கால் என்று போட்டால் யார் வருவார்கள்? நாலு என்று போடுங்கள். நாம் காட்டுவதே ஒரு தெலுங்குப் படம். அதையும் நாமே குறைத்துச் சொல்லவேண்டுமா?”

அவர் கேட்டதிலும் ஞாயம் இருந்தது. தெலுங்குப் பேச்சு அந்தக் குடும்பங்களில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது; அவர் மகளுக்கே எழுத்துத் தெரியாது. ஊர் கூடும் நாளில் தம் மொழிப் படம் ஒன்றை நாலு பேர் பாராட்ட வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு. ஆசிரியைக்கும் அது இல்லாமலில்லை. ஆனால், எண்ணை ஏற்றினால் இரண்டாம் பாதி ஊர்கிறது என்ற வரியையும் எடுக்கவேண்டும். தேவையில்லாத பாடலையும் தேவையாக்க வேண்டும். பிறகு அது உறவினர் எழுதிய விமர்சனமாக இருக்காது, விளம்பரமாகிவிடும்.

அவர் 2.75ஐ மாற்றவில்லை. அதன் கீழே, ‘குறைகள் உண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தடவை மகிழ்ச்சியாகப் பார்க்கலாம்’ என்று எழுதினார். ‘மகிழ்ச்சியாக’ என்ற சொல் மூலத்தில் இல்லை. பழைய கடிதங்களின் துணிவில் அதைச் சேர்த்துக்கொண்டார். தம்பி முகத்தைச் சுளித்தபடியே அச்சுக்கு எடுத்துப்போனார்.

அச்சாகும் முன் ஆசிரியை ஒரு சோதனை செய்திருந்தார். தெலுங்கு அறியாத பக்கத்து வீட்டு மாணவியிடம் தாளைக் கொடுத்து, படம் நல்லதா இல்லையா என்று மட்டும் கேட்டார். “பரவாயில்லை ரகம், டீச்சர். ஆனால், அந்த அண்ணன் தம்பியைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது,” என்றாள் அவள். பிறகு தம் வயதான தாயாருக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினார். தாயார் ஒரே இடத்தில் தடுத்தார். வீட்டில் கல்யாணச் ‘சந்தடி’ என்று தெலுங்கில் இருந்ததை ஆசிரியை அப்படியே தமிழிலும் விட்டிருந்தார். “தமிழில் சந்தடி என்றால் தெருவில் இரைச்சல் அல்லவா?” என்றார் தாயார். ‘கல்யாணக் களை’ என்று மாறியது. அவசரத்தில் மருமகளைத் திருத்தியவர் சந்தடியில் தாமே தடுக்கியிருந்தார்.

படம் முடிந்த இரவு, தாளைக் கையில் பிடித்தபடி பெரியவர் ஒருவர் ஆசிரியையிடம் வந்தார்.

“ரேலங்கி நடித்திருக்கிறார் என்று போட்டிருந்ததே அம்மா, கடைசிவரை ஆளைக் காணோமே?”

அவர் தேடியது தெலுங்கு நகைச்சுவை நடிகர் ரேலங்கி வெங்கட ராமையாவை. 1957இல் இரு மொழிகளிலும் வந்த ‘மாயா பஜார்’ படத்தின் தெலுங்கு வடிவில் லட்சுமண குமாரனாக நடித்தவர். தமிழில் அதே வேடத்தைத் தங்கவேலு ஏற்றார். ரேலங்கி என்பது மேற்கு கோதாவரியில் ஓர் ஊர் என்று தாளில் எங்கும் சொல்லவில்லை. ஆசிரியை பேனாவை எடுத்து, அவர் கையிலிருந்த தாளிலேயே ‘மாமா’வுக்கு முன்னால், ‘ரேலங்கி என்னும் ஊரில் வாழும்’ என்று எழுதிக் கொடுத்தார்.