பெட்டியில் போட்டிருக்கும் 7200

ரேம் பெட்டியின் மேல் 7200 என்று போட்டிருந்தால், அது ரேம் கொடுக்கும் வாக்கு. பிராசசர் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. ரைசன் 5 7600-க்கு ஏஎம்டி எழுதிக் கொடுத்திருக்கும் வேகம் 5200தான். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அதுவும் 3600 ஆகக் குறையும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் நம் கையில் கிடைத்த சிப்பின் குணத்தைப் பொறுத்தது.

திருவனந்தபுரம் பழவங்காடியில் கேமிங் பிசி அசெம்பிள் செய்யும் எனக்கு இந்த வாதம் அடிக்கடி வரும். நாகர்கோவிலிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் 7600-ம் பி650 போர்டும் வாங்கி, கூடவே 16 ஜிபி ரேம் இரண்டு கொண்ட 7200 கிட் ஒன்றையும் கொண்டுவந்தான். "அண்ணே, 6000 கிட்டைவிட இது வேகம்தானே?" என்றான். "போட்டுப் பார்ப்போம் மக்கா" என்றேன்.

பயாஸில் ரேமின் புரொஃபைலை ஆன் செய்து சேமித்தோம். திரை கறுத்துவிட்டது, போர்டில் ரேம் விளக்கு எரிந்தபடி நின்றது. டிடிஆர்5-ல் முதல் தடவை பிராசசர் ரேமோடு பழகிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். அவசரப்பட்டு பவரை நிறுத்துகிறவர்கள்தான் போர்டு செத்துவிட்டதென்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் காத்திருந்தோம், விண்டோஸ் வந்தது. பையனுக்குச் சந்தோஷம்.

ZenTimings-ஐத் திறந்து காட்டினேன். MCLK 3600. ஒரு சுற்றில் இரண்டு முறை தரவு போவதால் பெட்டியில் அது 7200 ஆகிறது. ஆனால் UCLK, அதாவது பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் வேகம், 1800 என்று காட்டியது. ரேமோடு சமமாக ஓட முடியாத கன்ட்ரோலரை, நம்மைக் கேட்காமலே போர்டு பாதி வேகத்துக்கு மாற்றிவிட்டது. இந்தத் தலைமுறைச் சிப்புகளில் 6000 வரை சமமாக ஓடுவது சகஜம், நல்ல சிப்பு 6400 தொடும். 7200-ஐச் சமமாக ஓட்டிய 7600 எதையும் நான் பார்த்ததில்லை.

பாதி வேகத்தில் என்ன நஷ்டம்? சிஎல்34-ல் ஓடும் 7200 ரேம் பதில் சொல்லத் தொடங்க 9.4 நானோவினாடி, சிஎல்30-ல் ஓடும் 6000 ரேமுக்கு 10. ரேமில் கிடைத்த லாபம் அவ்வளவே. கன்ட்ரோலரோ தன் ஒவ்வொரு வேலைக்கும் முன்னைவிட அதிக நேரம் எடுக்கிறது, லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

இதைத் தாண்டி இன்னொரு கெடுபிடியும் உண்டு. கன்ட்ரோலர் இருப்பது தனிச் சில்லில், கோர்கள் இருப்பது வேறொரு சில்லில். இரண்டையும் இணைக்கும் பாதை FCLK 2000-ல் ஓடும்போது, ஒரே கோர் சில்லுள்ள 7600 வினாடிக்கு 64 ஜிகாபைட்தான் படிக்க முடியும். இரண்டு சேனல் 6000 ரேமே கணக்குப்படி 96 ஜிகாபைட் தரக்கூடியது. குடம் குடமாகத் தண்ணீர் இருந்தாலும் குழாய் விடுவதைத்தானே பிடிக்க முடியும்! எல்லாம் ஒரே சில்லில் உள்ள 8600ஜி போன்றவற்றில் இந்தப் பாதை நெருக்கடி இல்லை, வேகமான ரேமுக்கு அங்கே மதிப்பு உண்டு.

தடை கன்ட்ரோலரா, ரேமா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். ரேம் வேகத்தைத் தொடாமல், பயாஸில் UCLK-ஐ மட்டும் பாதியாக்கி TestMem5 ஓட்டுவேன். சமமாக ஓடும்போது பிழை வந்து, பாதியில் வராமல் போனால், ரேம் குற்றமற்றது. கன்ட்ரோலருக்குத்தான் மூச்சு வாங்குகிறது. பாதியிலும் பிழை வந்தால் ரேமையும் போர்டையும் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பிராசசரை முழுதாக விடுதலை செய்துவிட முடியாது, ஏனென்றால் ரேமோடு நேரடியாகப் பேசும் சுற்று அதற்குள்தான் இருக்கிறது. விண்டோஸ் திறந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு மணி நேரம் விளையாடியபின் கேம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால், கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்வதற்கு முன் நான் ரேமைத்தான் பார்ப்பேன்.

பையனின் கிட்டை 6000-க்கு இறக்கினேன். UCLK 3000, சமம். சிஎல் 36-ல் தொடங்கி 30 வரை குறைத்தும் பிழை வரவில்லை. 7200-க்கென்று தேர்ந்தெடுத்த சிப்புகளுக்கு 6000-ல் வேலை சுலபம். 6400-ஐயும் சமமாக முயன்றேன். சோதனை தொடங்கிய சற்று நேரத்திலேயே பிழை. SOC வோல்டேஜைக் கூட்டினால் ஒருவேளை நிற்கும். ஆனால் 2023-ல் 7800எக்ஸ்3டி சிப்புகள் கருகிய பிறகு ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பு வைத்தது. நான் 1.25-ஐத் தாண்டுவதில்லை. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில், ஏசி இல்லாத விடுதி அறையில் ஓடப்போகிற பிசி அது.

"அப்போ 7200-க்குக் கொடுத்த காசு?" என்று கேட்டான். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் 6000 சிஎல்30 கிட்டையே வாங்கிக்கொண்டு, மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் போடச் சொன்னேன். சீல் உடைத்த பெட்டியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கிட் 6000-லேயே அவனோடு விடுதிக்குப் போனது.