மூன்று மணி முடிவு

ரிலீஸ் அட்டவணையைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதப் பழக்கியவர் என் முதல் லீட். புதிதாக வருகிறவர்களுக்கு நானும் அப்படியே சொல்லித்தருகிறேன்.

ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கடைகள் காலை 6 மணிக்குத் திறக்கும். கோளாறு என்றால் பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்க வேண்டும். ஒத்திகையில் அதற்கு ஆனது 1 மணி 40 நிமிடம். பழைய கோடை ஏற்றி மாதிரி பில் போட்டுப் பார்க்க 40 நிமிடம். எதிர்பாராததற்கு இன்னொரு 40. ஆக, திரும்புவதா வேண்டாமா என்ற முடிவை அதிகாலை 3 மணிக்கு எடுத்தாக வேண்டும். நள்ளிரவில் தொடங்கும் டிப்ளாய்மென்ட்டும் டெஸ்டிங்கும் அதற்குள் அடங்கணும்.

2:55-க்கு யாராவது, "இன்னும் பத்தே நிமிஷம் மேடம், பிடிச்சிட்டேன்" என்பார்கள். லீட் விவாதிக்க மாட்டார். 3 மணிக்கு மீட்பைத் தொடங்கச் சொல்லிவிடுவார். "பிடிச்சதை அடுத்த ரிலீஸ்ல போடுப்பா" என்பார், அவ்வளவுதான்.

ஒத்திகையை டெஸ்ட் சர்வரின் சின்ன டேட்டாவில் செய்தால் அந்த 1 மணி 40 நிமிடம் கிடைக்காது. டம்ப் கோப்பிலிருந்து மீட்கும்போது வரிசைகள் ஏறிய பிறகும் இண்டெக்ஸ்களைக் கட்டும் வேலை பாக்கி இருக்கும். டேபிள் பெரிதானால் அதற்கே நெடுநேரம் பிடிக்கும். ஆகவே உண்மையான அளவு டேட்டா வேண்டும்.

கோட் ஃப்ரீஸும் இதற்காகத்தான். புதன் இரவு ஃப்ரீஸ், வியாழன் ஒத்திகை, சனி இரவு ரிலீஸ். வெள்ளிக்கிழமை ஒரு வரி மாற்றினாலும், நாம் ஒத்திகை பார்த்தது வேறு கோடாகிவிடும். வரிக் கணக்கு தப்பாக வருவது போன்ற பிழை என்றால் உள்ளே விடலாம். ஆனால் ஒத்திகையை மறுபடி நடத்தணும்.

6 மணிக்கு முதல் பில் விழுந்துவிட்டால் பேக்கப் உதவாது. மீட்டால் அந்த பில்கள் போய்விடும். அதனால்தான் டேபிள் மாற்றத்தை இரண்டு ரிலீஸாகப் பிரிக்கிறோம். `phone` என்ற காலத்தின் பெயரை `mobile_no` என்று மாற்றணும் என்று வையுங்கள். பெயரை மாற்றாமல் புதிய காலத்தைச் சேர்க்கிறோம். புதிய கோட் இரண்டிலும் எழுதும். காலை 10 மணிக்குச் சிக்கல் வந்தாலும் டேட்டாவைத் தொடாமல் பழைய கோடை ஏற்றிவிடலாம்.

```sql
ALTER TABLE customers ADD COLUMN mobile_no varchar(15);
```

இதில் `NOT NULL` போடவில்லை, கவனியுங்கள். பழைய கோடுக்கு `mobile_no` இருப்பதே தெரியாது. அதை நிரப்பாமல்தான் வரிசையைச் சேர்க்கும். `NOT NULL` இருந்தால் ரோல்பேக் செய்த பிறகு புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும்போதெல்லாம் பிழை அடிக்கும். எனவே வியாழன் ஒத்திகையில் புதிய டேபிள்மேல் பழைய கோடை ஓட்டி, ஒரு புதிய வாடிக்கையாளருக்கு பில் போட்டுப் பாருங்கள். `phone` காலத்தை நீக்குவது அடுத்த ரிலீஸில், பழைய எண்களை `mobile_no`-க்கு நகலெடுத்து, `phone`-ஐ எந்தக் கோடும் ரிப்போர்ட்டும் தொடவில்லை என்று தேடி உறுதிசெய்த பிறகு.