ஒரு படத்தில் ஆறு துண்டுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு வழக்கோடு மாரடிக்கிற ஆசிரியர்கள் பொறுமையாக வாசியுங்கோ.

போன மாதம் எங்கட கரவெட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பக்கம் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய் வந்த இரவு, பில்லெல்லாத்தையும் பாயில் பரப்பி ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறா. அசல் துண்டுகள் இருந்த ஃபைல் அலுவலக அறைக்கு வர்ணம் பூசின நேரம் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்தப் படம் மட்டும்தான்.

38 பிள்ளைகள், ஆளுக்கு 2,500 ரூபா, மொத்தம் 95,000. ரீச்சர் திருப்பிக் கொடுத்தது 14,200. படத்தைப் பார்த்துக் கணக்கு எழுதினவர் செலவு 68,160 என்று போட்டிருந்தார். அப்படியென்றால் 26,840 மிஞ்சியிருக்க வேண்டும். 12,640 ரூபா எங்கே? "சேர், நான் ஒரு சதம் எடுக்கேல்லை. ஆனா எப்பிடிக் காட்டுறதெண்டு தெரியேல்லை" என்று சொல்லும்போது அவவின் குரல் உடைந்துபோனது. பிள்ளைகளின் காசு அமானிதம். அந்தச் சொல்லின் பாரம் எனக்குத் தெரியும்.

முதலில் நான் கேட்டது, படத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லித்தான். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கி வரும். சின்ன எழுத்துக் கரைந்துவிடும். அதே படத்தை டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் எடுத்தபடியே வரும். அப்படி வந்ததைப் பெரிதாக்கிப் பார்க்கப் பாதிக் குழப்பம் தெளிந்தது.

அடுத்தது, ஒரு சொல்லும் வாசிக்காமல் துண்டுகளை எண்ணினேன். இதுதான் பலர் விடுகிற படி. கண் உடனே இலக்கத்துக்குப் போய்விடும். எழுத்தை மறந்து ஓரங்களை மட்டும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஓரமும், அதன் பக்கத்தில் மெல்லிய நிழலும் இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு படம் கீறி, எது மேலே, எது கீழே என்று இலக்கம் போட்டேன். கணக்கு எழுதினவர் நான்கு துண்டு கண்டிருந்தார். நான் எண்ணினபோது ஆறு.

முதல் குழப்பம் பஸ் ரிசீட்டில். மேலே "முற்பணம் 12,000/=", கீழே "மீதி 36,000/= பெற்றுக்கொண்டேன்" என்று தெரிந்தது. ஒரே புத்தகத்துத் தாள், ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனை. யார் பார்த்தாலும் ஒரு ரிசீட் என்றுதான் நினைப்பார்கள். அவரும் அப்படி நினைத்து, முற்பணம் கழித்து மிச்சம் கொடுத்தது 36,000 என்று எழுதிவிட்டார்.

ஆனால் வரிகளின் சரிவு வேறு. மேலே உள்ள வரிகள் இடப்பக்கம் சரிகின்றன, கீழே உள்ளவை நேராக நிற்கின்றன. ஒரே தாளில் அச்சடித்த கோடுகள் இப்படி முறியாது. நடுவில் மெல்லிய நிழல். அதோடு கையொப்பம் இரண்டு, முத்திரை இரண்டு, ரிசீட் இலக்கமும் இரண்டு. அவை வேறு வேறு நாளில் எழுதின இரண்டு ரிசீட்டுகள். முதலாவது முற்பணம் கொடுத்த அன்று எழுதியது. இரண்டாவதின் மேற்பகுதி சாப்பாட்டுக் கடைப் பில்லுக்கு அடியில் மறைந்துவிட்டது. பஸ்ஸுக்குக் கொடுத்தது 48,000.

இரண்டாவது குழப்பம் அந்தச் சாப்பாட்டுப் பில்லில். 40 பார்சல் 550 படி 22,000, தேநீர் 40 கோப்பை 80 படி 3,200, மொத்தம் 25,200. அதற்குக் கீழே, அதே மாதிரி அச்சில், கேஷ் 1,000, சேஞ்ச் 360 என்று இரண்டு வரி. பில்லின் வால் என்று நினைத்து விட்டுவிட்டிருக்கிறார். ஆனால் 25,200 ரூபாப் பில்லுக்கு ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்து மிச்சம் வாங்க ஏலுமா? அந்தப் பில் கார்ட்டில் கட்டினது. கார்ட் சிலிப்பும் பக்கத்திலேயே கிடக்கிறது. அப்ப அந்த இரண்டு வரியும் அடியில் கிடக்கிற இன்னொரு பில்லின் நுனி. பெறுமதி 640. ரீச்சரிடம் கேட்டேன். "ஓம் சேர், பஸ்ஸிலை சத்தி எடுத்த பிள்ளையளுக்கு மருந்து வாங்கினது" என்றா.

12,000 உம் 640 உம் சேர்த்தால் 12,640. தேடின காசு அப்படியே வந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியாக வெட்டி, நிமிர்த்தி, தனித்தனித் தாளில் எழுதினேன். போனில் எழுத்தைப் பிரித்தெடுக்கிற வசதியை முழுப் படத்திலும் போட்டால், அது பக்கத்துப் பக்கத்துத் தாள்களை ஒரே வரியாக வாசித்துக்கொண்டு போகும். வெட்டின துண்டில் போட்டால் பரவாயில்லை. ஆனாலும் எங்கட நாட்டுக் கையெழுத்துப் பில்லில் தொகைக்குப் பின்னால் போடுகிற /= அடையாளத்தில் கவனம் வேண்டும். அந்தச் சாய்கோடு 1 ஆக மாறி, 12,000 ரூபா ஒரு இலட்சத்து இருபதாயிரத்துச் சொச்சமாக நிற்கும்.

எழுதும்போது நான் பிடிவாதமாக வைத்திருந்த ஒரு விதி: தெரிகிறதை மட்டும் எழுதுவது. தண்ணீர், பிஸ்கட் வாங்கின கடைப் பில்லில் பிஸ்கட்டின் தொகை கார்ட் சிலிப்புக்கு அடியில் போய்விட்டது. 40 பைக்கற், விலை 90 என்பது தெரிகிறது. தண்ணீர் 3,360, கூட்டுத்தொகை 6,960 என்பதும் தெரிகிறது. கழித்தாலும் 3,600, பெருக்கினாலும் 3,600. அப்படியிருந்தும் படியில் [மறைந்துள்ளது] என்றுதான் எழுதினேன். 3,600 என்பதைக் கீழே கோடு கீறி, என் குறிப்பு என்று வேறாக எழுதினேன். மருந்துப் பில்லிலும் அப்படித்தான். படியில் இரண்டு வரி மட்டும். 640 என்பது என் கழித்தல், மருந்து என்பது ரீச்சரின் வாக்கு. இவை மூன்றையும் கலந்து எழுதியிருந்தால், பார்க்கிறவர் ஒன்றைச் சந்தேகித்தாலும் எல்லாமே விழுந்துவிடும்.

கடைசியாக, ஆறு துண்டு என்பதற்காக ஆறு செலவு இல்லை. கார்ட் சிலிப்பும் சாப்பாட்டுப் பில்லும் ஒரே தொகை, ஒரே நாள், நேரத்தில் ஒரு நிமிட வித்தியாசம். இரண்டையும் தனித்தனியாகப் படியெடுத்து, கூட்டும்போது ஒருமுறை மட்டும் எடுத்தேன். 48,000, 25,200, 6,960, 640. மொத்தம் 80,800. மீதி 14,200.

கூட்டத்தில் படத்தையும் ஆறு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கணக்கு எழுதினவரே ஓரங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பஸ் ரிசீட் இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். மருந்துப் பில்லுக்குக் கடையின் பெயர் தெரியாததால், 640 ரூபாவை ரீச்சரின் கையொப்பமிட்ட விளக்கத்தோடு சேர்த்தார்கள். அது நியாயம்தான். படத்தில் இல்லாததை நான் எழுதித் தர ஏலாது.

இப்ப ரீச்சர் துண்டு துண்டாகப் படம் எடுக்கிறா. வெயிலிலும் சூட்டிலும் கடைப் பில்லின் எழுத்து மங்கிவிடும் என்று சொன்னேன். "அப்ப லமினேட் பண்ணி வைக்கட்டோ சேர்?" என்று கேட்டா. வேண்டாம் ரீச்சர். அந்த மெசினின் சூட்டில் பில் முழுக்கக் கறுத்துப்போகும்.