உறைநிலைக் கருவும் உரிமைப் பங்கும்



மூங்கில்துறைப்பட்டில், தென்பெண்ணைக் கரையோரம் உள்ள உறவினர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். இத்தா முடித்திருந்த இளம்பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "பெரியத்தா! அவர் உயிரோடிருந்தபோது உருவாக்கிய கரு ஆஸ்பத்திரியில் உறைநிலையில் இருக்கிறது. அதைச் சுமந்து பெற்றால், பிள்ளைக்கு அவருடைய கரும்புக் கொல்லையில் பங்கு உண்டா?"

கணவரின் மரணத்தோடு திருமண பந்தம் முடிந்துவிடுவதால், பின்னர் அக்கருவைச் சுமப்பது கூடாதென்பதே ஆலிம்கள் பலரின் கருத்து. அதை அவர்களிடமே கேட்குமாறு கூறினேன். சொத்துக் கேள்விக்கு மட்டும் என்னாலியன்ற விடை தந்தேன்.

இதே கேள்வி அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் எழுந்தது. 2001-இல் கரு உருவாக்கப்பட்டது. அவ்வாண்டே கணவர் இறந்தார். 2002-இல் கரு மனைவியின் கருப்பையில் வைக்கப்பட்டு, 2003-இல் குழந்தை பிறந்தது. அக்குழந்தை தந்தையின் வாரிசாகாது என 2008-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமது ஷரீஅத் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. விவசாய நிலம் இச்சட்டத்திற்கு உட்படாது என்று 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்தது. சென்னை மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. ஆகவே கரும்புக் கொல்லையும் இதற்குட்பட்டதே. ஒருவர் கண்மூடிய கணத்திலேயே அவருடைய சொத்து வாரிசுகளைச் சேர்கிறது. அப்போது தாயின் வயிற்றில் சிசு இருந்தால், அதற்கென ஒரு பங்கை ஒதுக்கி வைப்பர். உயிருடன் பிறந்தால் அப்பங்கு அதற்குரியது. ஆனால் உறைநிலைக் கரு வயிற்றில் இல்லை. கர்ப்பத்திற்குச் சில மாதங்கள் காத்திருந்தால் போதும். இக்கருவையோ 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டுகள் வரை பாதுகாக்கலாம். அதுவரை பாகப்பிரிவினையை நிறுத்தி வைப்பது எங்ஙனம்?

அவள் கணவருக்குப் பிள்ளையில்லை. தாயும் உடன்பிறந்த இரு சகோதரர்களும் உளர். சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 6, தாய்க்கு 4, சகோதரர்களுக்கு 14. இறந்த அன்று வயிற்றில் மகன் இருந்திருந்தால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17; சகோதரர்களுக்கு ஏதுமில்லை. குடும்பத்தில் மனத்தாங்கல் எழுவது இங்கேதான்.

மருத்துவ உதவியால் பிறக்கும் குழந்தைக்குத் தம்பதியரின் இயற்கைக் குழந்தைக்குள்ள உரிமைகள் அனைத்தையும் அதே 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. எனினும், தந்தை இறந்தபின் கருவுற்ற பிள்ளைக்கு அவர் சொத்தில் பங்குண்டு என அது வெளிப்படையாகக் கூறவில்லை.

வழியே இல்லையா எனில், உண்டு. சகோதரர்கள் மனமுவந்தால், பிறந்த பிள்ளைக்குத் தம் பங்கிலிருந்து ஹிபாவாகக் கொடுக்கலாம். நிலத்தை அனுபவத்தில் ஒப்படைத்தால்தான் அது நிறைவுபெறும். தாய்க்குக் கிடைத்த 6 பங்கிலோ பிள்ளை பின்னாளில் அவளுக்கே வாரிசாகும்.

கருவை உறையவைக்கும் தம்பதியரே! மனைவிக்கு எதையேனும் தனியே கொடுக்கக் கணவர் எண்ணினால், உயிருள்ளபோதே ஒப்படைத்துவிடுங்கள். பிறவாத பிள்ளைக்கென எழுதும் மரண சாசனம் துணை நிற்காது.