மெஸ் சார் கையில் கத்தி

ஜெர்மன்ல கத்திக்கு 'மெஸர்'னு பேரு. கண்ணை மூடி நம்ம ஹாஸ்டல் 'மெஸ் சார்' ஒரு பெரிய கத்தியோட நின்னு சாம்பார் வெங்காயம் நறுக்குறதைப் பாருங்க. இனி 'மெஸர்' எங்க கண்ணுல பட்டாலும் உங்களுக்குக் கத்திதான் ஞாபகம் வரும்.

இதுக்குப் பேரு கீவேர்ட் முறை. படி ரெண்டே ரெண்டுதான். முதல்ல, அந்த வெளிநாட்டுச் சொல் மாதிரி ஒலிக்கிற, உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு சொல்லைப் பிடிக்கணும். அடுத்து, அதையும் அர்த்தத்தையும் ஒரே காட்சியில முட்ட விடணும். டிராஃபிக் சிக்னலுக்கு 'அம்பெல்'. சிக்னல்ல சிவப்பு விளக்குக்குப் பதிலா அம்பு பாயுது. அவ்ளோதான். பக்கத்துல பக்கத்துல சும்மா நின்னா ஒட்டாது, ஒண்ணு மேல ஒண்ணு ஏதாவது செய்யணும்.

1975-ல ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் அட்கின்சன் குழு 120 ரஷ்யச் சொற்களை மூணு நாளில் கற்றுக்கொடுத்துப் பார்த்தது. இந்த முறையில் படிச்சவங்க 72 சதவீதம் சரியா சொன்னாங்க, மத்தவங்க 46. ஆறு வாரம் கழிச்சு 43-க்கு 28. ஆனா கேட்ட கேள்வி ஒரே திசையில்தான்: ரஷ்யச் சொல்லைக் கொடுத்து அர்த்தம் கேட்டாங்க.

நான் வழுக்கினது எதிர்த் திசையில். போன செமஸ்டர்ல ஏ1 பேச்சுத் தேர்வு. ஒரு படத்தைக் காட்டி, அந்தப் பொருளைக் கேட்டு வாங்கச் சொன்னாங்க. படத்துல கத்தி. மனசுல உடனே மெஸ் சார் வந்துட்டார், சாம்பாரோட. ஆனா வாயில வந்தது 'மெஸ்-சார்', நீட்டி முழக்கி. அதுக்கு முன்னாடி 'டேர்' போடணுமா 'டஸ்' போடணுமான்னு காட்சியில தேடினேன். அங்க இல்லவே இல்லை. ஜெர்மன்ல கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிங்கம். மெஸ் சார் ஆண் ஆச்சே, அதனால 'டேர்' வகைன்னு நினைச்சு 'டென்'னு சொல்லித் தப்பா முடிச்சேன்.

அப்புறம்தான் புரிஞ்சது. காட்சி அர்த்தத்தைப் பிடிச்சு வைக்கும். சரியான உச்சரிப்பையும் பாலையும் வைக்காது. 'இருந்தாலும்'னு அர்த்தம் வர்ற 'ட்ரொட்ஸ்டெம்' மாதிரிச் சொல்லுக்கு என்ன படம் போடுவீங்க? நான் ஒரு மணி நேரம் யோசிச்சேன், கிடைக்கல. அதை வாக்கியத்துல வெச்சுப் பத்து தடவை சொல்லித்தான் படிச்சேன்.

இப்போ நான் செய்றது இதுதான். புதுச் சொல்லுக்கு முதல் நாள் மட்டும் காட்சி. மறுநாள்லேர்ந்து அட்டையோட ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் 'டஸ் மெஸர்'னு பாலோட சேர்த்து. தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொல்லணும். மெஸ் சார் வராமலே சொல் வந்தா, அன்னைக்கு அது உங்க சொல். இன்னும் அவர் வழியாத்தான் வருதுன்னா, அட்டையை மறுபடி கட்டுக்குள்ளயே வைங்க.