தூக்கமா, எண்ணமா?

இரயில்வேயில் எழுத்தராகப் பணியேற்று நான் பாலக்காட்டுக்கு வந்தபோது, மொழியைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. பாலக்காடு சந்திப்பு நிலையம் அமைந்திருக்கும் ஒலவக்கோட்டில் பலர் தமிழ் பேசுவார்கள். மற்றவர்களிலும் பலருக்குத் தமிழ் விளங்கும். அவர்கள் பேசும் மலையாளமும் நமக்கு முக்கால் பங்கு புரிந்துவிடும். மீதமுள்ள கால் பங்கில்தான் எங்கள் வீட்டு அமைதி ஒரு மாத காலம் கெட்டுப்போயிற்று.

தந்தையார் காலமான பின்பு, திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தாயாரை என்னோடு அழைத்து வந்தேன். ஊரில் நாற்பது ஆண்டுகள் தம் கையாலேயே காய்கறி வாங்கிச் சமைத்தவர் அவர். கத்தரிக்காயின் காம்பைப் பார்த்தே அது எத்தனை நாளையது என்று சொல்லிவிடுவார். இங்கு வந்த நான்காம் நாளே பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிட்டார். எனக்கும் அது மகிழ்ச்சியாகவே இருந்தது.

அன்று நடந்தது இதுதான். தேங்காய்க் குவியலைக் காட்டி, "என்ன விலை தம்பி?" என்று தாயார் கேட்டிருக்கிறார். கடைக்காரர் "எழுபது" என்றார். எழுபது என்பது இரு மொழியிலும் ஒன்றே. ஆனால் எதற்கு எழுபது? நம் ஊர்ச் சந்தையில் தேங்காயை எண்ணித்தான் விற்பார்கள். சோடிக்கு இவ்வளவு என்பதும் வழக்கம். ஆகவே சோடி எழுபது என்று தாயார் கொண்டார். எண்ணி விற்கும் ஊரில் விலை ஒன்றாயிருக்கப் பெரிய காயாகப் பொறுக்குவதுதானே சாமர்த்தியம்? அவரும் குவியலைப் புரட்டி, பெரிய காய்களாக நான்கு தேர்ந்தெடுத்து, நூற்று நாற்பது ரூபாயை நீட்டினார்.

கடைக்காரரோ நான்கையும் தராசில் வைத்தார். இரண்டு கிலோ அறுநூறு கிராம். கிலோ எழுபது வீதம் நூற்று எண்பத்திரண்டு ரூபாய் என்றார். தாயார் மறுத்தார். அவர் பொறுமையாகவே, "தூக்கத்தினாணு அம்மே, எண்ணத்தினல்ல" என்று விளக்கியிருக்கிறார்.

தாயார் காய்களை அங்கேயே வைத்துவிட்டு, வெறும் பையுடன் வீடு திரும்பினார். மாலையில் நான் வந்ததும், "நான் தூக்கத்தில் இருக்கிறேனாம், எண்ணம் இங்கே இல்லையாம், பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டான்" என்றார். குரல் தழுதழுத்தது.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. எண்ணம் என்றால் எண்ணிக்கை. நம் துயிலுக்கு அவர்கள் சொல்வது உறக்கம். "எடைக்குத்தான் அம்மா விலை, எண்ணிக்கைக்கு அல்ல" என்பதே அவர் சொன்னது. இதை நான் விளக்கியும் பயனில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று தெளிந்ததும் தாயாரின் வருத்தம் இரட்டிப்பாயிற்று. இனிக் கடைக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பின்பு பணி முடிந்து இரவில் நானே காய் வாங்கி வந்தேன். பிறர் கழித்துப்போட்டதே எனக்குக் கிடைத்தது. தாயார் அவற்றைக் குறை சொல்லாமல் நறுக்குவார். அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

வேற்றுமொழி முற்றிலும் அயலாயிருந்தால் நாம் சைகை காட்டி, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவோம். பக்கத்து மொழியிலோ, புரிந்துவிட்டது என்ற நினைப்பில் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். "என்ன விலை?" என்பது பாதிக் கேள்விதான். ஊரில் மறுபாதியை வழக்கமே நிரப்பிக்கொள்ளும். இங்கே வழக்கம் வேறு. நாம் எண்ணி வாங்கும் தேங்காயும், சீப்பாகவோ டஜனாகவோ வாங்கும் வாழைப்பழமும், கட்டாக வாங்கும் முருங்கைக்காயும் இங்கே பெரும்பாலும் தராசில் ஏறுகின்றன. இளநீர் மட்டும் இங்கும் எண்ணிக்கைதான். எலுமிச்சையை ஒரு கடையில் எண்ணித் தருவார்கள். அடுத்த கடையில் நிறுப்பார்கள். அதற்கு விதி கிடையாது, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். "கிலோய்க்கு எத்ரயா?" என்றால் கிலோ எவ்வளவு. "ஒந்நினு எத்ரயா?" என்றால் ஒன்று எவ்வளவு. இரண்டில் எது என்று தெரியாதபோது, "தூக்கத்தினாணோ, எண்ணத்தினாணோ?" மூன்றாவதைப் படித்ததும் தாயார் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு யோசித்து, "சீர்தூக்கிப் பார் என்கிறோமே, அந்தத் தூக்குத்தானே இது?" என்றார். உண்மைதான். நிறுத்தல் என்ற பொருள் நம் தமிழிலும் அந்தச் சொல்லுக்கு உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அது தோன்றவில்லை. பள்ளிக்கே அதிகம் போகாத அவருக்குத் தோன்றிற்று.

தாயார் மேலும் ஒன்று கண்டுபிடித்தார். நிறுத்து வாங்கும் ஊரில் பெரிய காயைப் பொறுக்குவது வீண். உரித்த தேங்காயின் எடையில் பாதியளவு ஓட்டுக்கும் நீருக்குமே போய்விடும். இளசான காய் நீர் மிகுந்து கனக்கும், ஆனால் பருப்பு மெல்லியதாயிருக்கும். ஆகவே அவர் இப்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, நீர் நன்றாகக் குலுங்கும் முற்றிய நடுத்தரக் காயாக எடுக்கிறார். குடுமியில் நார் அடர்ந்திருந்தால் களைந்துவிட்டு நிறுக்கச் சொல்கிறார். நாருக்கும் கிலோ எழுபதா என்பது அவர் வாதம்.

தராசையும் அவர் விட்டுவைப்பதில்லை. எடை, கிலோ விலை, மொத்தத் தொகை என்று மூன்று எண்கள் காட்டும் மின்தராசாயிருந்தால் நடுவிலுள்ள விலையைப் பார்த்தாலே ஐயம் தீரும். அதற்கும் முன்பு, பொருளை வைக்குமுன் எடை சுழியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக இடுக்கி மாவட்டத்து மூணாறுக்குச் சென்றோம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர் வாழும் ஊர் அது. கடைத்தெருவில் தாயார் பெருமிதத்துடன் மலையாளத்திலேயே காலிஃபிளவர் விலை கேட்க, கடைக்காரர் "நாற்பதும்மா" என்று நல்ல தமிழில் பதில் தந்தார். தமிழைக் கேட்டதும் நான் நிம்மதியாக ஒரு பூவைக் கையில் எடுத்தேன். நம் ஊரில் அதைப் பூவுக்கு இவ்வளவு என்றுதானே வாங்குவோம்! தாயார் என் கையைப் பிடித்து நிறுத்தி, "கிலோவா, பூவா தம்பி?" என்றார். கிலோதான். நான் எடுத்த பூவில் இலையும் தண்டுமே பெரும்பகுதி. தாயார் அதை வைத்துவிட்டு, தண்டு குட்டையான வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். தமிழில் பேசினாலும் தராசு கேரளத்துத் தராசுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒலவக்கோட்டுக் கடைக்காரர் இப்போது தாயாரைக் கண்டால், "அம்மே, தூக்கம்!" என்று தாமே முந்திக்கொண்டு கூவுகிறார். "உறக்கம் இல்லை மோனே, விலையைச் சொல்" என்று இவரும் விடுவதில்லை.